படம் சொல்லும் சேதி – 14: வலி முழங்காலில், கோளாறு இடுப்பில்

பையனுக்கு 12 வயது, வயதுக்கு மீறிய உடம்பு. மூன்று வாரமாக வலது முழங்கால் வலிக்கிறதென்று நொண்டிக்கொண்டு வந்தான். அம்மா கையில் முழங்கால் எக்ஸ்ரே. அதில் ஒரு குறையும் இல்லை. “வளர்ற வயசு, அப்படித்தான் வலிக்கும்னு சொன்னாங்க டாக்டர்” என்றார்.

படுக்கவைத்துத் தொடையை வயிற்றை நோக்கி மெல்ல மடக்கினேன். கால் நேரே வராமல் தானாக வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டது. அதற்கு மேல் முழங்காலைத் தடவிப் பயனில்லை. இடுப்பு மூட்டுக்குப் போகும் நரம்பின் கிளை முழங்காலுக்கும் போகிறது. அதனால் இடுப்பின் வலி முழங்காலில் தெரியும்.

இடுப்பை முன்னாலிருந்து எடுத்த படம், சட்டென்று பார்த்தால், நன்றாகவே இருந்தது. தொடை எலும்புக் கழுத்தின் மேல் விளிம்பை ஒட்டிப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன். இதற்குக் கிளைன் கோடு என்று பெயர். இடது பக்கத்தில் அது பந்து போன்ற தலையின் ஓரத்தை வெட்டிக்கொண்டு போனது. வலது பக்கத்தில் தலையை உரசியதோடு சரி. தலைக்கும் கழுத்துக்கும் நடுவிலுள்ள வளர்ச்சித் தட்டும் அங்கே சற்று அகன்று, ஓரம் மங்கியிருந்தது. தலை கழுத்திலிருந்து நழுவுகிறது என்பதற்கான அடையாளங்கள் இவை.

முண்டாசு பின்பக்கமாகச் சரிந்தால் எதிரே நிற்பவருக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்பவர் கண்டுபிடித்துவிடுவார். எலும்புத் தலையும் முதலில் பின்பக்கமாகவே நழுவுகிறது. ஆகவே முன்படம் மட்டும் போதாது. கால்களைத் தவளை போல மடக்கி விரித்து எடுத்த இரண்டாவது படத்தில் நழுவல் பளிச்சென்று தெரிந்தது. ஊன்றவே முடியாத பிள்ளைக்கு இப்படி விரிக்கக் கூடாது. தலை இன்னும் நழுவிவிடும். காலை அசைக்காமல் பக்கவாட்டில் எடுக்க வேண்டும்.

இதே நொண்டலோடு ஆறு வயதுப் பையன் வந்திருந்தால் பெர்த்தீஸ் நோயைத்தான் முதலில் நினைத்திருப்பேன். 4 முதல் 8 வயதுக்குள், பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வருவது அது. அதில் தலை நழுவுவதில்லை. இரத்த ஓட்டம் குன்றிச் செத்துப்போகிறது. படத்தில் அந்தத் தலை மறுபக்கத்தைவிடச் சிறிதாக, சுண்ணாம்புபோல வெளுத்துத் தெரியும். பிறகு தட்டையாகி, துண்டுபட்டு, மெல்லப் புது எலும்பு வளரும். அதற்குச் சில வருடங்கள் ஆகும். தொடக்கத்தில் படம் சரியாகவே இருக்கக்கூடும். நொண்டல் போகவில்லையென்றால் சில வாரங்களில் மறுபடி எடுத்தே ஆக வேண்டும்.

பெர்த்தீஸில் யோசிக்க அவகாசம் உண்டு. நழுவலில் கிடையாது. ஒரு படி தடுக்கினால் தலை முழுசாகச் சரிந்து, இரத்தக் குழாய் அறுந்து, பெர்த்தீஸில் போலவே எலும்பு செத்துப்போகலாம்.

பையனை எழுந்து நடக்க விடவில்லை. சக்கர நாற்காலியில் வார்டுக்குப் போனான். மறுநாள், நழுவிய தலையை இழுத்துச் சரிசெய்ய முயலாமல், இருந்த இடத்திலேயே ஒரு திருகாணி போட்டு நிறுத்தினோம். இடது பக்கமும் நழுவ வாய்ப்பிருப்பதால், வளர்ச்சித் தட்டு மூடும்வரை சில மாதங்களுக்கு ஒருமுறை இரண்டு இடுப்புக்கும் இரண்டு கோணத்தில் படம் எடுக்க வரச் சொல்லியிருக்கிறேன்.