ஒரு மூட்டை நெல்லில் எத்தனை கிலோ சோறு?

நெல் வாங்கி அரைத்துச் சாப்பிடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவர்களிடம் கிலோ அரிசி என்ன விலைக்குக் கட்டுபடி ஆகிறது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு மனக்கணக்கைச் சொல்வார்கள். மூட்டை 75 கிலோ, அதில் மூன்றில் இரண்டு பங்கு அரிசி, ஆக 50 கிலோ. மூட்டை விலை 1,900 ரூபாய் என்றால் கிலோ 38 ரூபாய். கேட்க இனிப்பான கணக்கு. ஆனால் நான் தராசு வைத்துப் பார்த்தபோது எனக்கு வந்த விலை 46 ரூபாய் 90 காசு. இடையில் போன ஒன்பது ரூபாய் எங்கே போனது என்பதைத்தான் எழுத வந்தேன்.

திருவண்ணாமலைப் பக்கம் தெரிந்த விவசாயி ஒருவரிடம் அறுவடை முடிந்த வாரமே நாலு மூட்டை வாங்கினோம். சன்ன ரகம், புழுங்கலுக்கு. கணக்கு எளிதாக இருக்க ஒரு மூட்டைக்கு மட்டும் சொல்கிறேன். அந்தப் பக்கம் மூட்டை என்றால் 75 கிலோ. டெல்டாவில் 60 கிலோவைச் சுற்றி இருக்கும். அரசு கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம். அதனால் ஊர் விட்டு ஊர் மூட்டை விலையை ஒப்பிடுவதில் பொருளே இல்லை. முதலில் கிலோவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

75 என்று தராசு காட்டியது கோணியையும் சேர்த்து. கோணியை உதறி எடுத்தால் நெல் 74 கிலோ. அதை அவித்து, களத்தில் காயவைத்து, கருக்காயும் தூசியும் போக்கி மறுபடி நிறுத்தபோது 69 கிலோதான் நின்றது. அந்த ஐந்து கிலோவில் ஒன்றரை கிலோ கருக்காயும் மண்ணும். மீதி மூன்றரை கிலோ வெறும் தண்ணீர்.

தண்ணீருக்கா விலை கொடுத்தோம் என்றால், ஆம். புது நெல்லில் ஈரப்பதம் 18 சதவீதம் இருந்தது. அரைவைக்குப் போகும்போது 14 சதவீதத்துக்கு இறங்கியாக வேண்டும். நெல் விலையில் அந்த மூன்றரை கிலோவுக்கு 90 ரூபாய் ஆகிறது. அரசு கொள்முதலில் ஈரப்பதத்துக்கு 17 சதவீதம் என்று வரம்பு வைத்திருப்பது இதனால்தான். வீட்டுக்கு வாங்குகிறவரிடம் ஈரமானி இருக்காது. ஆனாலும் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்க்கலாம், கதகதப்பாக இருந்தால் ஈரம் அதிகம். ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தால் காய்ந்தது ‘கடக்’கென்று உடையும், ஈரமானது நசுங்கும். ஒரு கைப்பிடியை வாளித் தண்ணீரில் போட்டால் கருக்காய் மேலே மிதந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி மில். 69 கிலோ நெல்லை ரப்பர் உருளை மில்லில் அரைத்தோம். உமி 15 கிலோ, தவிடு 5 கிலோ, நொய் 2 கிலோ, முழு அரிசி 45 கிலோ. இரண்டு கிலோ தூசியாகவும் இயந்திரத்தில் தங்கியதாகவும் போனது. அரிசியும் நொய்யும் சேர்த்து 69க்கு 47, அதாவது 68 சதவீதம். அரசு தன் நெல்லை அரைக்கக் கொடுக்கும்போதும் 100 கிலோவுக்குப் புழுங்கல் அரிசி 68 கிலோ, பச்சரிசி என்றால் 67 கிலோ என்றுதான் திருப்பிக் கேட்கிறது. ஆக மில்காரர் எங்களை ஏமாற்றவில்லை.

செலவைப் பார்ப்போம். நெல் 1,900, வண்டியும் தூக்குக்கூலியும் 60, அவித்துக் காயவைக்க 160, அரைவை கிலோவுக்கு இரண்டு ரூபாய் வீதம் ஏறக்குறைய 140. மொத்தம் 2,260 ரூபாய். வரவு, தவிடு கிலோ 20 வீதம் 100 ரூபாய், நொய் 50 ரூபாய். உமியை மில்லே அவியல் அடுப்புக்கு வைத்துக்கொண்டது. நிகரச் செலவு 2,110. அதை 45ஆல் வகுத்தால்தான் அந்த 46 ரூபாய் 90 காசு வரும்.

இந்தக் கணக்கில் எதை அசைத்தால் எவ்வளவு அசைகிறது என்று போட்டுப் பார்த்தேன். அரைவைக் கூலியில் கிலோவுக்கு 50 பைசா பேரம் பேசிக் குறைத்தால் அரிசி விலை முக்கால் ரூபாய் இறங்கும். தவிட்டுக்கு ஐந்து ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால் அரை ரூபாய்க்குச் சற்று மேல் இறங்கும். ஆனால் அரிசி 45க்குப் பதில் 43 கிலோ வந்தால் கிலோவுக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் ஏறிவிடும். நாம் மில் வாசலில் வாதாடுவது கூலிக்காக. பணம் போவதோ அரிசி எடையில்.

தவிட்டு வரவு இன்னும் நுட்பமாக ஏமாற்றும். அரிசி வெள்ளை வெளேரென்று வேண்டும் என்று இரண்டு முறை பாலிஷ் போடச் சொன்னால் தவிடு 5 கிலோ 7 ஆகும். தவிட்டுப் பணம் 100 ரூபாய் 140 ஆகும். மனம் குளிரும். அந்த இரண்டு கிலோ அரிசியிலிருந்து சுரண்டியது. முழு அரிசி 43 ஆகிவிட, விலை 48 ரூபாயைத் தாண்டும். 47 ரூபாய்ப் பொருளைச் சுரண்டி 20 ரூபாய்க்கு விற்கிறோம், சத்தையும் மாட்டுக்குக் கொடுத்துவிட்டு. எனக்கு இதில் கொஞ்சமும் சம்மதமில்லை.

“கூலியே வேணாம்ணே, தவிட்டை நான் எடுத்துக்கிறேன்” என்று சில மில்களில் சொல்வார்கள். மேலோட்டமாக லாபம்தான். 140 ரூபாய் மிச்சம், இழப்பது 100 ரூபாய்த் தவிடு. அரிசி 45 கிலோவே வந்தால் விலை 46 ரூபாய். ஆனால் தவிடு அவருடையது என்றானபின் ஒரு கிலோ கூடுதலாகச் சுரண்டினால் போதும், விலை 47 ரூபாயைத் தொட்டுவிடும். இந்த ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டால் அரைவை முடியும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும். பழைய ஹல்லர் மில் என்றால் உமியும் தவிடும் ஒன்றாகக் கலந்து வரும், நொய்யும் அதிகம். அந்தக் கலவைக்குத் தனித் தவிட்டின் விலை கிடைக்காது.

உடைசலுக்கு மில்லை மட்டும் குறை சொல்ல முடியாது. எங்கள் நெல் களத்தில் கிடந்தபோது, ஒரே வெயிலில் காய்த்து முடித்துவிடலாம் என்று அவசரப்பட்டேன். அங்கே வேலை செய்கிற பெரியவர் ஒரு மணியை உரித்துக் காட்டினார். அரிசியின் குறுக்கே மயிரிழை போல ஒரு கோடு. “இப்படியே போட்டா நொய்யாத்தான் வரும் தம்பி. குவிச்சு மூடி வெச்சுட்டு நாளைக்கு ஒரு வெயில் காட்டுங்க” என்றார். பாதி காய்ந்ததும் குவித்து ஆறவிட்டு, மறுநாள் மீதியைக் காயவைத்தோம். நொய் இரண்டு கிலோவோடு நின்றது அவரால்தான்.

அதே தர அரிசி அந்த வாரம் எங்கள் தெருக் கடையில் கிலோ 54 ரூபாய். எங்களுக்குக் கிலோவுக்கு ஏழு ரூபாய், மூட்டைக்கு 320 ரூபாய் மிச்சம். அவிக்க, காயவைக்க, காவல் இருக்க இரண்டு நாள் போனது. நாலு மூட்டைக்கு அது தகும். ஒரு மூட்டைக்கு என்றால் நான் கடைக்கே போவேன்.

நீங்கள் வாங்கும்போது கோணி நீக்கிய நெல், காய்ந்த நெல், முழு அரிசி, தவிடு என்று நாலு எடையையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் செலவுக்கு, மூட்டைக்கு முழு அரிசி 39 கிலோவாக இறங்கியிருந்தால் கடை விலையும் எங்கள் விலையும் ஒன்றாகியிருக்கும்.