ஒற்றைத் தலைவலி அன்றாடத் தலைவலியாவது எவ்வாறு?

தமிழில் நாம் ‘ஒற்றைத் தலைவலி’ என்கிறோம். மேலைநாட்டார் வழங்கும் ‘மைக்ரேன்’ என்னும் சொல்லும், ‘பாதி மண்டை’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்ததே. இரு மொழிகளும் ஒரே அடையாளத்தைப் பற்றி நின்றே இந்நோய்க்குப் பெயரிட்டுள்ளன. ஆயினும் இந்நோய் நாட்பட்டதாக மாறும்போது முதலில் மங்குவது பெரும்பாலும் அவ்வடையாளமேயாகும். ஒருபக்கம் துடித்த வலி தலை முழுவதும் பரவிய மந்தமான வலியாகிறது, குமட்டல் குறைகிறது, ஒளியைக் கண்டு கூசுவதும் முன்போல் இருப்பதில்லை. நோயாளியோ, “என் ஒற்றைத் தலைவலி போய்விட்டது, இப்போது இருப்பது வெறும் களைப்புத் தலைவலி” என்று எண்ணிக்கொள்கிறார். பெயர் தரும் இந்த மயக்கமே நோயை நெடுநாள் மறைத்துவிடுகிறது.

ஆகவே மருத்துவர்கள் வலியின் வடிவத்தோடு நாள்களையும் எண்ணுகின்றனர். மாதத்தில் பதினைந்துக்கும் குறைவான நாள்களில் தலைவலி வந்தால் அது விட்டுவிட்டு வரும் வகை. பதினைந்து நாளோ அதற்கு மேலோ தலைவலி இருந்து, அவற்றுள் எட்டு நாளேனும் ஒற்றைத் தலைவலியின் இயல்பைக் காட்டி, இந்நிலை மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட வகை. முதல் வகையினருள் ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ மூவர் இரண்டாம் வகைக்குச் செல்கின்றனர்.

இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது? முகத்துக்கும் மூளையுறைக்கும் உணர்வூட்டும் முப்பிரிவு நரம்பு, தாக்குதல் வரும்போதெல்லாம் வலியைத் தூண்டும் புரதப்பொருள்களை வெளியிடுகிறது. செய்தி மூளைத்தண்டை அடைகிறது. இரு தாக்குதல்களுக்கிடையே போதிய இடைவெளி இருந்தால் அங்குள்ள நரம்பணுக்கள் தணிந்து பழைய நிலைக்குத் திரும்புகின்றன. இடைவெளி குறையக் குறைய, அவை தணிவதற்குள் அடுத்த தாக்குதல் வந்துவிடுகிறது. நாளடைவில் அவை சிறு தூண்டலுக்கும் பெரிதாக விடையளிக்கப் பழகிவிடுகின்றன. தலைவாரும்போது சீப்புப் படுவதும், மூக்குக்கண்ணாடியின் காது வளைவு அழுத்துவதும் வலியாக உணரப்படுவது இதன் வெளிப்படையான அறிகுறி.

மரபு, பெண்ணாய்ப் பிறத்தல், முன்பு தலையில் பட்ட அடி ஆகியவற்றை நாம் மாற்ற இயலாது. மாற்றக்கூடிய காரணங்களுள் தலையாயது வலிநிவாரணிகளை அளவுமீறி உட்கொள்ளுதல். வலியைத் தணிக்கும் மருந்தே வலியை வளர்ப்பது முரண்போலத் தோன்றும். மூட்டுவலிக்காக நாள்தோறும் மாத்திரை உட்கொள்வோருள் தலைவலி நோய் இல்லாதவருக்கு இத்தீங்கு பொதுவாக நேர்வதில்லை. முன்னரே ஒற்றைத் தலைவலி உடையவரின் மூளையில்தான் அடிக்கடி வரும் மருந்து வலித்தடுப்பு ஆற்றலைக் குன்றச் செய்கிறது. மருந்தின் வீரியம் இறங்கும்போது வலி மீண்டும் எழுகிறது. அவ்வலிக்கு மறுபடியும் மாத்திரை தேவைப்படுகிறது.

இதற்கும் எல்லைக்கோடுகள் உள. பாரசிட்டமால் போன்ற தனி மருந்துகளுக்கு மாதம் பதினைந்து நாள். காஃபீனோ கோடீனோ சேர்ந்த கூட்டு மாத்திரைகளுக்கும், டிரிப்டான் வகைக்கும், அபினி சார்ந்தவற்றுக்கும் மாதம் பத்து நாள். மூன்று மாதங்களுக்கு மேல் இக்கோட்டை எட்டியோ கடந்தோ இருப்பது மிகைப்பயன்பாடு ஆகும். இங்கே எண்ணப்படுவது மாத்திரைகள் அல்ல, நாள்கள். ஒரே நாளில் இரண்டு மாத்திரை உட்கொண்டாலும் அது ஒரு நாளே. நாள்தோறும் அரை மாத்திரை உட்கொண்டால் அது முப்பது நாள்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். பலரிடம் காணப்படுவனவற்றைத் தொகுத்து நாம் வரைந்துகொண்ட ஆசிரியை ஒருவர் இவர். வயது முப்பத்தாறு. தலைவலி வந்தால் பாரசிட்டமாலும் காஃபீனும் கலந்த மாத்திரையை உட்கொள்வார். ஜனவரியில் அவருக்குத் தலைவலி 5 நாள், மாத்திரை 4 நாள். ஏப்ரலில் தலைவலி 9 நாள், மாத்திரை 8 நாள். ஜூனில் தலைவலி 12 நாள், மாத்திரை 14 நாள்.

ஜூன் மாதக் கணக்கைச் சற்று நின்று பார்ப்போம். மாத்திரை நாள்கள் தலைவலி நாள்களை விஞ்சிவிட்டன. அதாவது, வகுப்பின் நடுவே வலி வந்துவிடுமோ என்ற அச்சத்தால் வலி இல்லாத நாள்களிலும் உட்கொண்டிருக்கிறார். தலைவலி இன்னும் பதினைந்து நாளை எட்டவில்லை. மருந்தோ பத்து நாள் கோட்டைக் கடந்துவிட்டது. திரும்புவதற்கு எளிதான கட்டம் இதுவே. அவர் திரும்பவில்லை. ஆகஸ்டு முதல் நவம்பர் வரை மாதம் 16 முதல் 20 நாள் வலி இருந்தது. பல நாள்களில் விழிக்கும்போதே வலித்தது.

மருத்துவர் முதலில் நாட்குறிப்பைக் கேட்டார். பின்னர், ஆண்டிறுதி விடுமுறையில் கூட்டு மாத்திரையை அறவே நிறுத்தச் செய்தார். அதனுடன் ப்ரோப்ரனலால் என்னும் தடுப்பு மருந்தையும் தொடங்கினார். ஆஸ்துமா உடையவருக்கு இம்மருந்து ஆகாது என்பதால் அதனை முன்பே கேட்டறிந்தார். நிறுத்திய முதல் வாரத்தில் வலி கூடியது. இரண்டு முதல் பத்து நாள் வரை இவ்வாறு கூடுவது எதிர்பார்க்கத்தக்கதே. இதனை அறியாதவர்தாம் மூன்றாம் நாளில் மீண்டும் மாத்திரையை நாடுகின்றனர். பிப்ரவரியில் அவருக்குத் தலைவலி 7 நாளாகக் குறைந்தது. எல்லாருக்கும் இவ்வளவு சீராக அமைவதில்லை. அபினி சார்ந்த மருந்துகளைத் தாமாகவே திடீரென நிறுத்துதல் தீங்கு. மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைத்தலே முறை.

இதனால் மருந்தே கூடாது என்று கொள்வதும் பிழை. தாக்குதலுக்குப் போதிய மருத்துவம் செய்யாமல் விடுவதும் நாட்பட்ட நிலைக்கு வழிவகுக்கிறது. வலி தொடங்கியவுடன் உரிய அளவில் உரிய மருந்தை உட்கொள்ளலாம். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் வேண்டியிருந்தால், அது தடுப்பு மருந்தைப் பற்றிப் பேச வேண்டிய காலம்.

மாற்றக்கூடிய ஏனைய காரணங்கள் உறக்கம், காப்பி, உடற்பருமன், மனச்சோர்வு, மனப்பதற்றம் என்பன. பலத்த குறட்டையோடு காலைத் தலைவலியும் பகலில் தூக்கக் கலக்கமும் சேர்ந்திருந்தால், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று சோதிக்க வேண்டும். காலைத் தலைவலி இரவில் மருந்தின் வீரியம் இறங்குவதாலும் வரக்கூடும். எனவே இரண்டையும் ஒருங்கே வினவ வேண்டும். பள்ளி நாள்களில் நான்கு கோப்பை காப்பி அருந்துபவர் சனிக்கிழமை முற்பகல் வரை உறங்கினால், காஃபீன் இல்லாமையே அவருக்கு வலியைத் தரும். காப்பியை ஒரே நாளில் விடாமல், இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாகக் குறைத்தல் நலம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நொடியில் உச்சத்தை அடையும் தலைவலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த தலைவலி, கைகால் தளர்ச்சியோ பேச்சுக் குழறலோ உடைய தலைவலி ஆகியன உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவை. ஐம்பது வயதுக்குப் பின் புதிதாகத் தோன்றும் தலைவலியையும் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இவற்றை ஒற்றைத் தலைவலி என்று எண்ணிக் காத்திருத்தல் ஆகாது.

மற்றவர்க்குத் தேவையானது நாள்காட்டியும் எழுதுகோலும்தாம். வலி வந்த நாளில் ஒரு கோடு, மாத்திரை உட்கொண்ட நாளில் ஒரு வட்டம் இடலாம். மாத முடிவில் கோடுகளை வட்டங்கள் நெருங்கினாலோ விஞ்சினாலோ, வட்டங்கள் பத்தை எட்டினாலோ, அந்தத் தாளோடு மருத்துவரிடம் செல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது எனலாம்.