பத்து முறை பெருக்காமல் பத்தாம் அடுக்கு

முதல் வரிசை 4, 1. இரண்டாம் வரிசை 2, 3. இந்த அணி A-யின் பத்தாம் அடுக்கு வேண்டும். மீண்டும் மீண்டும் பெருக்கினால் கை ஓய்ந்துவிடும்.

சில திசையன்களை மட்டும் A திசை திருப்பாது, நீட்டும், அவ்வளவே. (1, 1) என்பதை A-யால் பெருக்கினால் (5, 5). (1, −2) என்பதைப் பெருக்கினால் (2, −4). இவையே ஐகன் திசையன்கள். நீட்டும் அளவுகளான 5, 2 ஐகன் மதிப்புகள். λ² − 7λ + 10 = 0 என்ற சமன்பாட்டின் மூலங்கள் அவை.

இரு திசையன்களையும் நிரல்களாக நிறுத்தினால் அணி P. 5, 2 மூலைவிட்டத்தில் அமர்ந்தால் D. இப்போது A = PDP⁻¹. அடுக்கேற்றும்போது நடுவிலுள்ள P⁻¹P எல்லாம் அழிந்து, A¹⁰ = PD¹⁰P⁻¹ மிஞ்சும். D¹⁰ காண்பது எளிது: 5¹⁰ = 9765625, 2¹⁰ = 1024. A¹⁰-இன் மேல் வலது உறுப்பு (9765625 − 1024)/3 = 3254867. எவ்வளவு அழகான சுருக்கம்!

eᴬ வேண்டுமா? 5¹⁰, 2¹⁰ இருந்த இடங்களில் e⁵, e² எழுதினால் போதும்.

எல்லா அணிக்கும் இது பலிக்காது. 1, 1, 0, 1 என்ற அணியில் ஐகன் மதிப்பு 1 இருமுறை வருகிறது, திசையோ ஒன்றுதான். P-யின் அணிக்கோவை பூச்சியமாகிவிடும், நேர்மாறு கிடையாது. ஆகவே மதிப்பு திரும்ப வந்தால், முதலில் திசைகளை எண்ணிப் பாருங்கள்.