மீட்டர் சொல்வதும் சொல்லாததும்

தில்லியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்குத் தோட்டம் என்றால் பால்கனிதான். மண் மூட்டையை நான்கு மாடி சுமக்க மனமில்லாமல் மண்ணில்லா விவசாயத்தில் இறங்கியவர்கள் நம்மில் சிலர் உண்டு. நானும் அவர்களில் ஒருவன். 20 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, அதன் மேல் துளையிட்ட தெர்மாகோல் பலகை, துளைகளில் பாலக் கீரை நாற்று, காற்று ஊத மீன் தொட்டி பம்பு ஒன்று. கூடவே ஒரு ஈ.சி. மீட்டரும் வாங்கினேன். பேனா அளவுதான் இருக்கும். அந்த மீட்டரை நம்பி நான் ஏமாந்த கதைதான் இது. மீட்டர் பொய் சொல்லவில்லை. அது சொன்னதை நான்தான் தவறாகப் புரிந்துகொண்டேன்.

முதலில் அது எதை அளக்கிறது என்று பார்ப்போம். சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அநேகமாகக் கடத்தாது. அதில் உப்பு கரைந்தால் கடத்தும். அதிகம் கரைந்தால் அதிகம் கடத்தும். செடிக்கு நாம் போடும் உரங்களில் பெரும்பாலானவை, அதாவது கால்சியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட், மெக்னீசியம் சல்பேட் போன்றவை, வேதியியல் கணக்கில் உப்புக்களே. ஆகவே கடத்துதிறனை அளந்தால் கரைசல் எவ்வளவு கனமாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். திரையில் mS/cm என்ற அலகில் எண் வரும். கீரை வகைகளுக்கு 1.2 முதல் 2 வரை போதும். காய்த்து நிற்கும் தக்காளி அதற்கு மேலும் தாங்கும். சில மீட்டர்கள் இதையே 500 ஆலோ 700 ஆலோ பெருக்கி ppm என்று காட்டும். உங்கள் மீட்டரில் 900, நண்பரின் மீட்டரில் 1260 என்று வந்தால் பயப்பட வேண்டாம், இரண்டும் 1.8 ஆகவே இருக்கலாம்.

மார்ச் மாதத் தொடக்கத்தில் எங்கள் குழாய்த் தண்ணீரை அளந்தேன். உரம் எதுவும் போடாமலே 0.8 காட்டியது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். சோடியம், குளோரைடு, சுண்ணாம்பு எல்லாம் கலந்தது. அதில் உரத்தை 1.8 வரும்வரை கலந்தேன். அதாவது 1.8 இல் உரத்தின் பங்கு 1 மட்டுமே, மீதி 0.8 குழாயோடு வந்தது. இதை அப்போது நான் யோசிக்கவில்லை.

ஒரு வாரத்தில் தண்ணீர் 15 லிட்டராக இறங்கியது, மீட்டர் 2.2 காட்டியது. குழம்பு சுண்டினால் உப்புக் கரிப்பதைப் போல, செடி உரத்தைவிடத் தண்ணீரை அதிகம் குடித்திருக்கிறது என்று அர்த்தம். வெயில் ஏறும் நாட்களில் இப்படித்தான் நடக்கும். இதற்கு மாறாக, தண்ணீர் இறங்கும்போது எண்ணும் இறங்கினால் செடி பசியோடு இருக்கிறது, உரத்தைக் கூட்டலாம். அளவைக் குறித்துக்கொள்ளாமல் எண்ணை மட்டும் பார்த்தால் இது விளங்காது.

நான் 5 லிட்டர் குழாய்த் தண்ணீர் ஊற்றி நிரப்பினேன். மீட்டர் 1.85 காட்டியது. பழைய அளவுக்கே வந்துவிட்டதே என்று நிம்மதி. அடுத்தடுத்த வாரங்களிலும் அப்படியே செய்தேன். ஏறத்தாழ 1.9, 1.95, நான்காவது வாரம் 2.0. எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தோன்றியது. ஆனால் இளந்தளிர்கள் மஞ்சளாகிக்கொண்டு வந்தன. பசி என்று நினைத்து மேலும் உரம் போட்டு 2.6 ஆக்கினேன். மூன்றாம் நாள் இலை ஓரங்கள் கருகின. வேர் தண்ணீரிலேயே இருந்தும் மத்தியானத்தில் செடி துவண்டது. வெளியே உப்பு கூடினால் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது.

எதிர்வீட்டில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் இருக்கிறார். அவர் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "மீட்டருக்கு உன் உரமும் ஒன்று, குழாய் உப்பும் ஒன்றுதான். ரெண்டையும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுப் பாரேன்" என்றார். உட்கார்ந்து போட்டோம்.

எண்ணை லிட்டரால் பெருக்கினால் உப்பின் மொத்த அளவு தோராயமாகக் கிடைக்கும். தொடக்கத்தில் 20 லிட்டரில் 1.8, ஆக 36 பங்கு. அதில் உரம் 20, குழாய் உப்பு 16. ஒரு வாரம் கழித்து 15 லிட்டரில் 2.2, ஆக 33. செடி தின்றது 3 பங்கு. உரம் 17 ஆகக் குறைந்தது. நான் ஊற்றிய 5 லிட்டரோடு 4 பங்கு குழாய் உப்பு வந்தது. அது 20 ஆயிற்று. வாரம் இதே கணக்கு என்று வைத்தால், நான்கு வாரத்தில் உரம் 8, குழாய் உப்பு 32. மொத்தம் 40, 20 லிட்டருக்கு 2.0. எண் கூடியிருக்கிறது, சாப்பாடோ பாதிக்கும் கீழே. குழாய்த் தண்ணீரின் கால்சியத்தில் கொஞ்சத்தைச் செடி எடுத்துக்கொள்ளும் என்பதால் இது துல்லியமான கணக்கு அல்ல. ஆனால் போகும் திசை இதுதான்.

மஞ்சளுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மாமா லிட்மஸ் போன்ற ஒரு தாளை நனைத்துப் பார்த்தார். பி.எச். 8 அருகே இருந்தது. கீரைக்கு 5.5 முதல் 6.5 வரை வேண்டும். அதற்கு மேல் போனால் இரும்புச் சத்து கரைசலில் நிற்காமல் படிந்துவிடும். தொட்டியில் இருந்தும் செடிக்குக் கிடைக்காது. மீட்டருக்கு இது தெரியாது. ஆனால் இலை சொல்லும். நைட்ரஜன் குறைந்தால் அடியிலுள்ள பழைய இலைகள் முதலில் வெளுக்கும். இரும்பு குறைந்தால் நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகும். அதுவும் புதுத் தளிரில். என் செடியில் இருந்தது இரண்டாவது.

தொட்டியைக் காலி செய்தோம். குழாய்த் தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும் பாதிப் பாதி கலந்தோம்; எண் 0.4 அளவுக்கு இறங்கியது. (ஆர்.ஓ. கழித்துத் தள்ளும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமே என்று தோன்றும். அதில்தான் உப்பெல்லாம் சேர்ந்திருக்கும். இந்தத் தொட்டிக்கு ஆகாது.) உரத்தைக் கலந்து 1.5 ஆக்கிய பிறகே பி.எச். பார்த்தோம், ஏனெனில் உரமே அதைக் கொஞ்சம் இறக்கும். பிறகு செடிக்கென்று விற்கும் நீர்த்த பாஸ்பாரிக் அமிலத்தை, கையுறை போட்டுக்கொண்டு, துளித் துளியாக விட்டுக் கலக்கி 6 க்குக் கொண்டுவந்தோம். மறுநாள் மறுபடி ஏறியிருந்தது. சுண்ணாம்புத் தண்ணீர் அப்படித்தான். இன்னும் சில துளி விட்டதும் நிலைத்தது. எலுமிச்சைச் சாறும் இறக்கும், ஆனால் நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிடுவதால் ஓரிரு நாளில் பழையபடி ஏறிவிடும்.

பத்து நாளில் புதுத் தளிர் பச்சையாக வந்தது. கருகிய இலைகள் தேறவில்லை, கிள்ளி எறிந்தேன். இப்போது தொட்டிக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. தேதி, லிட்டர், ஈ.சி., பி.எச். என்று நான்கு கட்டம். எண் எப்படி இருந்தாலும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தொட்டியைக் கொட்டிவிட்டுப் புதுக் கரைசல் ஊற்றுகிறேன்.