கணக்காய்வாளர் கடிதமும் அதன் சுருக்கமும்

ஒரு கம்பனியின் ஆண்டுக் கணக்கைச் சட்டப்படி ஆராயும் கணக்காய்வாளர், பணி முடிவில் இரண்டு எழுத்துகளை விட்டுச் செல்வது வழக்கம். ஒன்று, கணக்குகள் உண்மை நிலையைக் காட்டுகின்றனவா எனப் பங்குதாரருக்கு உரைக்கும் அறிக்கை. மற்றையது, ஆய்வின்போது கண்ட குறைகளை நிருவாகத்துக்கு எடுத்துரைக்கும் முகாமைத்துவக் கடிதம். உள்ளகக் கட்டுப்பாட்டிற் காணும் பாரதூரமான குறைபாடுகளை எழுத்தில் அறிவித்தல் வேண்டுமென்று இலங்கைக் கணக்காய்வு நியமம் 265 விதிக்கின்றது. மட்டக்களப்பு மாநகர சபை போன்ற மன்றங்களின் கணக்கை அரசியலமைப்பின் 154ஆம் உறுப்புரைப்படி ஆராய்பவர் கணக்காய்வாளர் தலைமை அதிபதி ஆவார். அவர் சுட்டும் குறைகளைச் சுருக்குவோர்க்கும் ஈண்டுக் கூறப்படும் முறை பொருந்தும்.

நீண்ட கடிதத்தை நிதிப் பிரிவினர் கையாளுதற்குக் குறை, பரிந்துரை, உடன்பட்ட திகதி என மூன்று நிரல்களாகச் சுருக்குவர். இதனைச் செய்யும் வகையை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் நோக்குவாம்.

படுவான்கரையில் நெல் கொள்வனவு செய்து அரிசி விற்கும் கம்பனியொன்று உளது எனக் கொள்க. அதன் வங்கிக் கணக்கு வாவிக்கு அப்பால் எழுவான்கரையில் உள்ளது. நிதியாண்டு மார்ச் 31இல் முடிகின்றது. கடிதத்தின் ஒரு பந்தி கூறுவது இது: “பரிசோதித்த 40 பற்றுச்சீட்டுகளில் 9க்குரிய பணம், மொத்தம் 386,000 ரூபா, ஏழு நாளுக்கு மேற்பட்ட தாமதத்துடன் வங்கியில் இடப்பட்டுள்ளது. பற்றுச்சீட்டு வழங்குபவரே காசேட்டையும் எழுதுகின்றார். மறுநாளே பணத்தை வைப்பிலிடுக. இரு கடமைகளையும் இருவரிடம் பிரித்துக் கொடுக்க.” நிருவாகத்தின் பதில்: “வங்கி வாவிக்கு அப்பால் உள்ளது. வாரம் இருமுறை வைப்பிலிடுவோம். கடமைப் பிரிப்பில் ஆவன செய்யப்படும்.”

முதலாவது நிரல் குறை. சுருக்குபவர் இதனை, “காசாளர் 386,000 ரூபாவை வங்கியில் இடவில்லை” என்று எழுதிவிட்டால், தாமதம் களவாகிவிடும். பணம் வங்கியைச் சேர்ந்தது. பிந்திச் சேர்ந்தது என்பதே குற்றச்சாட்டு. ஒரு சொல்லின் மாற்றத்தால் ஓர் ஊழியரின் நற்பெயர் கெடலாம். அவ்வாறே 40இல் 9 என்பது பரிசோதித்த சீட்டுகளின் கணக்கு. ஆண்டு முழுவதற்கும் அவ்விகிதமே பொருந்துமென்று கணக்காய்வாளர் சொல்லவில்லை. எனவே “பரிசோதித்த 40இல்” என்னும் தொடரைச் சுருக்கத்திலும் விடாது எழுதுதல் வேண்டும். இப்பந்தியில் இரண்டு குறைகள் உள. அவற்றுக்கு இரண்டு வரிகள் தேவை. ஒரே வரியில் அடக்கினால், ஒன்று தீர்ந்ததும் மற்றதும் தீர்ந்ததாக எண்ணப்படும்.

இரண்டாவது நிரலிற் கணக்காய்வாளரின் பரிந்துரையை மட்டும் எழுதுக. அவர் சொன்னது மறுநாள் வைப்பு. நிருவாகம் ஏற்றது வாரம் இருமுறை. இரண்டும் ஒன்றல்ல. வேறுபாட்டை மறைக்காமல் நிருவாகத்தின் பதிலைத் தனியே பக்கத்தில் எழுதுதல் முறை. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்டபின் வாவியைக் கடத்தல் முன்போற் கடினமன்று என்று சுருக்குபவர் கருதலாம். அக்கருத்தை முகாமையாளரிடம் நேரிற் கூறுக; கணக்காய்வாளர் வாயில் அதனை வைத்தல் ஆகாது.

மூன்றாவது நிரலே பெரும்பாலும் பிழைபடுவது. “ஆவன செய்யப்படும்” என்பதிற் திகதி இல்லை. வெற்றிடத்தை நிரப்புதற்குச் சுருக்குபவர் தாமாக ஜூன் 30 என்று எழுதிவிடின், எவரும் உடன்படாத ஒன்று உடன்பட்டதாகிவிடும். “திகதி உடன்படவில்லை” என எழுதி, பொறுப்பான பதவியாளரிடம் கேட்டுப் பெறுவதே நேர்மை. திகதியுடன் பதவிப் பெயரும், பணி நிறைவேறியதைக் காட்டும் சான்றும் இடம்பெறுதல் வேண்டும். வைப்புக்குச் சான்று, பற்றுச்சீட்டுத் திகதியோடு ஒப்பிட்ட வங்கி வைப்புத் துண்டு. கடமைப் பிரிப்புக்குச் சான்று, இருவர் கையெழுத்துள்ள கடமைப் பட்டியல்.

திகதியைப் பற்றி இன்னுமொன்று உண்டு. கடமைப் பிரிப்பு மார்ச் 25இல் நடைமுறைக்கு வந்தால், அந்நிதியாண்டில் அது இயங்கியதைப் பரிசோதிக்க ஆறேழு நாட்களே எஞ்சும். அடுத்த கடிதத்தில் அதே குறை மீண்டும் தோன்றக்கூடும். ஜூன் மாதத்தில் தொடங்கினால் ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட பதிவுகள் சான்றாக நிற்கும். ஆதலால் திகதி கேட்கும்போதே ஆண்டிறுதியையும் நினைவூட்டுதல் நன்று.

மீண்டும் வந்த குறையாயின், அது முதலிற் சுட்டப்பட்ட ஆண்டை வரியின் தொடக்கத்தில் எழுதுக. மூன்று ஆண்டாக நிற்கும் தாமதமும் இவ்வாண்டு முளைத்த தாமதமும் ஒரே தோற்றத்திற் கிடந்தால், நிதிப் பிரிவு எதனை முதலில் எடுப்பது என்று அறியாது. சுருக்கம் முடிந்ததும் மூலக் கடிதத்தின் பந்தி இலக்கத்தை ஒவ்வொரு வரிக்கும் இட்டு, எப்பந்தியும் விடுபடவில்லை என்று எண்ணிப் பார்த்தபின்னரே அதனைப் பிரிவுக்கு வழங்குதல் தகும்.