டி-ஸ்னீ படத்தில் ஸ்கேல் வைத்து அளக்கலாமா?

லாரன்ஸ் வான் டெர் மாட்டனும் ஜெஃப்ரி ஹின்டனும் 2008-இல் அறிமுகப்படுத்திய டி-ஸ்னீ, பல நூறு பண்புகள் கொண்ட தரவைத் தாளில் புள்ளிக் கூட்டங்களாக்கிக் காட்டும். பெரிய கூட்டம் பரந்தது, தள்ளி நிற்பது வேறுபட்டது என்றே கண் படிக்கும். இரண்டுமே தவறாகலாம்.

2016-இல் மார்ட்டின் வாட்டன்பெர்க், ஃபெர்னாண்டா வியேகாஸ், இயன் ஜான்சன் மூவரும் இரண்டு கூட்டங்களை உருவாக்கினார்கள். ஒன்று மற்றதைவிடப் பத்து மடங்கு பரவியது. படத்திலோ இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு!

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் சுமாராக எத்தனை அண்டைப் புள்ளிகளைக் கவனிக்க வேண்டும் என்பதை ‘பெர்ப்ளெக்சிட்டி’ என்ற எண் தீர்மானிக்கிறது. அந்த எண்ணிக்கையை எட்டுவதற்காக, நெரிசலான இடத்தில் புள்ளியின் பார்வை வட்டம் சுருங்குகிறது. ஆள் குறைந்த இடத்தில் விரிகிறது. அடர்த்தி வேறுபாடு இப்படித்தான் காணாமல் போகிறது.

தூரம் இன்னும் நம்பகமற்றது. எட்ட இருக்கும் புள்ளிகளுக்கிடையே அண்மை மதிப்பு பூஜ்யத்தை ஒட்டிவிடுவதால், தொலைவும் மிகத் தொலைவும் கணக்குக்கு ஒன்றுதான். அதே மூவர், ஓர் இடைவெளி இன்னொன்றைப்போல் ஐந்து மடங்காக இருக்கும்படி மூன்று கூட்டங்களை வைத்தார்கள். கூட்டத்துக்கு 50 புள்ளிகள் இருந்தபோது, பெர்ப்ளெக்சிட்டி 50-இல் அந்த அமைப்பு தெரிந்தது. 200 புள்ளிகளாக்கியதும் அதே 50-இல் மறைந்துவிட்டது.

ஆகவே பெர்ப்ளெக்சிட்டியை 5, 30, 50 என மாற்றி ஓட்டிப் பார்ப்பது அவசியம். இரு கூட்டங்களின் தூரம் உண்மையிலேயே வேண்டுமென்றால், அதை மூலத் தரவில்தான் கணக்கிட வேண்டும்.