வாரத்தில் இரண்டு மாலை

நியூயார்க்கில் காலை 9 மணி அடிக்கும்போது நம் ஊரில், அமெரிக்கக் குளிர்கால மாதங்களில், இரவு 7.30. சென்னை ஓ.எம்.ஆர். சாலையை ஒட்டிய ஐ.டி. குடும்பங்கள் பலவற்றுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். அங்கே நாள் தொடங்கும்போது இங்கே கால் தொடங்குகிறது. குழந்தை சாப்பிட்டுத் தூங்கும் நேரமும் அதேதான்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி மேடவாக்கத்தில் இருக்கிறார்கள். கணவர் ஒரு மென்பொருள் கம்பெனியில் டீம் லீட். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. மகள் அதே பள்ளியில் யு.கே.ஜி. அம்மாவும் மகளும் காலை 7.30-க்குக் கிளம்பும்போது அவர் தூக்கத்தில் இருப்பார். பத்தே கால் வாக்கில் ஆபீஸ் போய், மாலை ஏழே காலுக்கு வீடு திரும்பி, கை கால் கழுவி, கதவைச் சாத்திக்கொண்டு காலில் உட்காருவார். அது 9 மணிக்கு மேல்தான் முடியும். அதன் பிறகு மெயில். பத்தே முக்காலுக்கு லேப்டாப்பை மூடிவிட்டு ஹாலுக்கு வந்தால், மறுநாள் ஐந்தரைக்கு எழுந்திருக்க வேண்டிய மனைவி தூங்கிப்போயிருப்பார். ஒரே வீட்டில் இருந்தும் திங்கள் முதல் வெள்ளி வரை இருவரும் விழித்திருந்து சேர்ந்து உட்கார்ந்த நேரம் கிட்டத்தட்ட இல்லை. சனிக்கிழமை அவர் பதினொரு மணி வரை தூங்குவார். மிச்ச நாளில் கடை கண்ணி, சொந்தக்காரர் வீடு.

இந்த நிலையில் எந்த வீட்டிலும் வரக்கூடிய சண்டை அங்கேயும் வந்தது. "எப்பப் பார்த்தாலும் வேலை, வேலை. எங்களுக்குன்னு நேரமே கிடையாதா?" என்று அவர் கேட்பார். "நான் யாருக்காக இப்படி ஓடுறேன்?" என்று கணவர் கேட்பார். இரண்டுமே உண்மையான கேள்விகள். ஆனால் இந்தப் பேச்சில் பேரம் பேச ஒன்றும் இல்லை. 'நேரம் கொடு' என்றால் எந்த நேரத்தை, யாரிடமிருந்து எடுத்துக் கொடுப்பது என்று களைத்த மனிதருக்குத் தெரியாது. அவருக்குக் காதில் விழுவது 'நீ சரியில்லை' என்பது மட்டும்தான். அதற்கான பதில் அவரிடம் எப்போதும் தயாராக இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேலை முடிந்து வந்ததும் வாய் மூடி உட்காருவதை அன்பில்லாமை என்று எடுத்துக்கொள்வது பெரும்பாலும் தவறு. அமெரிக்க உளவியலாளர் ரெனா ரெப்பெட்டி, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்ப்பவர்களையும் அவர்கள் துணைகளையும் வைத்து 1989-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். வேலைப்பளு அதிகமான நாட்களில் அவர்கள் வீட்டுக்கு வந்ததும் ஒதுங்கிப் போனார்கள். துணை அனுசரணையாக இருந்த வீடுகளில் அந்த ஒதுங்கலும் இருந்தது, எரிச்சலும் குறைந்தது. சூடேறிய மனம் தணிய அந்த இடைவெளி தேவைப்படுகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். ஆகவே வாசலிலேயே கேள்வி கேட்டால் எரிச்சல்தான் வரும். ஆனால் ஒதுங்கல் தினமும் நடந்து, அதற்குப் பிறகு வேறு எதுவுமே இல்லாமல் போனால், மற்றவர் வாழ்வது ஆளில்லாத வீட்டில்தான். அப்படியானால் கேட்க வேண்டியது களைத்து முடிந்த பிறகு மிஞ்சும் நேரத்தை அல்ல, களைப்பு ஏறுவதற்கு முந்தைய நேரத்தை. அந்த நேரம் வேலையின் கையில் இருக்கிறது. அதனால் பேரம் வேலையோடும் நடக்க வேண்டும்.

மேடவாக்கம் தம்பதி தற்செயலாகத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். ஒரு சண்டை முடிந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி கேட்டார்: "சரிங்க, அந்தக் கால்ல தினமும் நீங்கதான் பேசுறீங்களா?" கணவரிடம் சட்டென்று பதில் இல்லை. அடுத்த இரண்டு வாரம் ஒவ்வொரு கால் முடிந்ததும் ஒரு நோட்டில் குறித்து வைத்தார்: பேசினேனா, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேனா, நான் இல்லையென்றால் என்ன நின்றிருக்கும். திங்கள் கால் அந்த வார வேலையைப் பிரிப்பது, அவர் இல்லாமல் நடக்காது. புதன் வாடிக்கையாளருக்குச் செய்துகாட்டுவது, அதுவும் அப்படியே. வெள்ளி வாரத்தை முடிப்பது. செவ்வாயும் வியாழனும் வெறும் ஸ்டேட்டஸ் கால். அதில் அவர் செய்தது டீம் எழுதிக் கொடுத்ததை வாசித்தது மட்டும்.

இந்த நோட்டு வந்ததும் பேச்சின் தன்மையே மாறிவிட்டது. முதலில் மனைவி தனக்கு வேண்டியதைத் திட்டவட்டமாகச் சொன்னார். மகள் அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவள் தூங்கிய பிறகு அரை மணி நேரம் இருவரும் பேச வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் இது நடந்தால் போதும், ஆனால் எந்த நாள் என்று முன்பே தெரிய வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைதான் முக்கியம் என்பது என் எண்ணம். வருவாரா மாட்டாரா என்று ஐந்து மாலையும் காத்திருப்பதுதான் ஆளை அதிகம் வாட்டுகிறது. மூன்று நாள் வரமாட்டார் என்று உறுதியாகத் தெரிந்தால், அந்த மூன்று நாளும் நம் கைக்கு வருகின்றன.

ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலின் லெஸ்லி பெர்லோ, பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற ஆலோசனை நிறுவனத்தில் செய்துபார்த்ததும் இதற்கு நெருக்கமான ஒன்றுதான். வாரத்தில் ஒரு மாலை, முன்பே குறித்த நாளில், 6 மணிக்குப் பிறகு ஒருவர் போன், மெயில் எதையும் பார்க்கக் கூடாது. முதலில் ஆலோசகர்களே தயங்கினார்கள், வேலையில் பெயர் கெட்டுவிடும் என்று பயந்தார்கள். இது நிலைத்ததற்கு ஒரு காரணம், தனி ஆள் கேட்டு வாங்கிய சலுகையாக இல்லாமல் டீம் முழுவதும் சேர்ந்து செய்த ஏற்பாடாக அது இருந்தது. ஒருவர் விலகும் மாலையில் இன்னொருவர் பார்த்துக்கொள்வார், அது சரியாக நடக்கிறதா என்று வாராவாரம் உட்கார்ந்து பேசுவார்கள்.

கணவரும் மேனேஜரிடம் 'குடும்பத்துக்கு நேரம் வேண்டும்' என்று போய் நிற்கவில்லை. அப்படிக் கேட்டால் மேனேஜர் அனுதாபத்தோடு தலையாட்டுவார், ஒன்றும் மாறாது. செவ்வாய், வியாழன் ஸ்டேட்டஸ் காலை டீமில் உள்ள இரண்டு சீனியர்கள் மாறி மாறி எடுக்கட்டும். குறிப்பை நான் 6 மணிக்குள் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். கால் எடுத்தவர் மறுநாள் காலை ஒரு மணி நேரம் தாமதமாக வரலாம். புரொடக்ஷனில் பிரச்சினை என்றால் மட்டும் எனக்குப் போன் பண்ணட்டும். ஒரு மாதம் பார்ப்போம், சரிவரவில்லை என்றால் பழையபடி நானே எடுக்கிறேன். இப்படிக் கேட்டார். மேனேஜருக்கு மறுக்கக் காரணம் இல்லை. அந்தச் சீனியர்களுக்கும் வாடிக்கையாளரிடம் நேரே பேசும் வாய்ப்பு அதுதான் முதல் தடவை.

பேரம் என்றால் இந்தப் பக்கமும் ஏதாவது கொடுக்க வேண்டும். மனைவி கொடுத்தது இரண்டு. திங்கள், புதன், வெள்ளியில் எதிர்பார்க்க மாட்டேன், முகத்தையும் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். சனிக்கிழமை காலை ஒன்பதரை வரை தூங்கலாம், அதற்கு முன் எந்த வேலையும் சொல்ல மாட்டேன். பதினொன்று ஒன்பதரை ஆனதில் கணவருக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது. ஆனால் செவ்வாயும் வியாழனும் பத்தரைக்கே படுக்க முடிந்ததில் அது தானாகவே ஈடானது.

சுமுகமாகப் போனது என்று சொல்ல முடியாது. இரண்டாவது வாரமே வியாழன் கைவிட்டுப் போனது. ரிலீஸ். 'அடுத்த வாரம் சேர்த்து வச்சுக்கலாம்' என்றார். அடுத்த வாரமும் போனது. கடன் ஏற ஏற இருவருமே கணக்கு வைக்க ஆரம்பித்தார்கள், பழைய சண்டை திரும்பியது. பிறகு விதியை மாற்றினார்கள். ரிலீஸ் தேதிகள் முன்பே தெரிந்தவை, அதனால் ஞாயிறு இரவே அந்த வார நாட்களைச் சொல்லிவிட வேண்டும். தவறிப்போன மாலையை அதே வாரத்துக்குள் ஈடுகட்ட வேண்டும். முடியாவிட்டால் அது போனது போனதுதான், அடுத்த வாரத்துக்கு வராது. அதே நேரம் தொடர்ந்து மூன்று வாரம் தவறினால், ஏற்பாடு முறிந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு புதிதாகப் பேச வேண்டும்.

இன்னொரு சிக்கலை இருவருமே எதிர்பார்க்கவில்லை. மகள் தூங்கிய பிறகு கிடைத்த அந்த அரை மணி நேரம் முழுவதும் வீட்டுக் கடன் தவணை, ஸ்கூல் ஃபீஸ், மாமனாரின் கண் ஆபரேஷன் என்றே போனது. சேர்த்து வைத்த விஷயங்கள் எல்லாம் கிடைத்த முதல் இடைவெளியில் வந்து விழுந்தன. கணவருக்கு அது இன்னொரு மீட்டிங். செவ்வாய்க்கிழமை வந்தாலே தயங்க ஆரம்பித்தார். அதனால் கணக்கு வழக்குகளை ஞாயிறு காலைக்குத் தள்ளினார்கள். செவ்வாயன்று பால்கனியில் உட்கார்ந்தால் பணம் பற்றிப் பேச்சில்லை. போன் படுக்கையறையில் சார்ஜில் கிடக்கும், அந்தச் சீனியர்கள் இருவரின் எண்ணுக்கு மட்டும் மணி அடிக்கும். ஒருவர் சொன்னதற்கு மற்றவர் 'என்ன சொன்னே?' என்று இரண்டாம் தடவை கேட்டால், உடல்தான் இங்கே இருக்கிறது என்று பொருள். அன்று பேச்சை இழுக்காமல் படுத்துவிடலாம் என்று முடிவு செய்துகொண்டார்கள். அதுவும் நல்ல முடிவுதான்.

இந்த வழி எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் டெய்லருக்கு விட்டுக்கொடுக்க ஸ்டேட்டஸ் கால் கிடையாது. மாலை வீட்டுக்கு வந்தால் அரை ஷிப்ட் கூலி போகும். அங்கே பேரம் நேரடியாகப் பணத்தோடு: வாரத்தில் ஓர் அரை ஷிப்டை விட்டால் சனிக்கிழமைச் சம்பளத்தில் எவ்வளவு குறையும், அதை எந்தச் செலவிலிருந்து எடுப்பது என்று இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டும். குறைக்கவே முடியாது என்று எழுதிப் பார்த்த பிறகு தெரிந்தாலும், அது யார் குற்றமும் இல்லை என்பதாவது இருவருக்கும் தெளிவாகும்.

களைப்புக்கு வேலை மட்டும்தான் காரணம் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வாரம் லீவு போட்டு நன்றாகத் தூங்கிய பிறகும் அசதி தீரவில்லை, தூக்கத்தில் குறட்டை பலமாக வந்து நடுநடுவே மூச்சு நின்று திணறுகிறது, அல்லது முன்பு பிடித்த எதிலும் நாட்டமே இல்லை என்றால் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, தூக்கத்தில் மூச்சுத்தடை, மனச்சோர்வு, இவை எல்லாமே வெளியே வேலைக் களைப்பு போலத்தான் தெரியும். இவற்றை எந்தப் பேரமும் தீர்க்காது. காலை இன்னொருவரிடம் கொடுத்து மாலை காலியான பிறகும் ஒருவர் ஆபீஸிலேயே உட்கார்ந்திருந்தால், அங்கே பேச வேண்டியது நேரத்தைப் பற்றி அல்ல, வீட்டுக்கு வரத் தோன்றாததைப் பற்றி.

மேடவாக்கத்தில் அடுத்த பேச்சுக்குத் தேதி குறித்தாயிற்று. மார்ச் இரண்டாவது ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள். அன்றிலிருந்து நவம்பர் வரை நியூயார்க்கின் காலை 9 மணி இங்கே மாலை 6.30. திங்கள், புதன், வெள்ளி காலை ஆபீஸில் முடித்துவிட்டு வந்தால் வீடு சேர ஒன்பது மணி தாண்டும், மகள் தூங்கிவிடுவாள். காலை எட்டரைக்கே ஆபீஸ் போய், ஐந்தரைக்குக் கிளம்பி, வீட்டில் இருந்தபடி கால் எடுத்தால் எட்டரை மணிக்கு அவர் ஃப்ரீ. ஆனால் அதற்கு அவர் காலையில் மனைவியும் மகளும் கிளம்பும் நேரத்துக்கு எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் மகளை அவரே ஸ்கூலில் விட்டுவிட்டுப் போகலாம் என்பது மனைவியின் யோசனை. அதற்கு ஈடாகக் கணவர் சனிக்கிழமை பதினொரு மணித் தூக்கத்தைத் திரும்பக் கேட்டிருக்கிறார். பத்து மணி வரை என்றால் சரி என்று மனைவி சொல்லியிருக்கிறார்.